நின்ஹைட்ரின் சோதனை: கோடு நேராக வந்தும் கணக்கு தப்புவது ஏன்?

நின்ஹைட்ரினை அமினோ அமிலத்தோடு சூடாக்கினால் ஊதா நிறம் வரும், அந்த நிறத்தை வைத்து அளவைக் கணக்கிடுவோம். முளைகட்டிய ராகியில் புரதத்தில் சேராத தனி அமினோ அமிலம் எவ்வளவு என்று பெங்களூரில் எங்கள் லேபில் ஒரு தம்பி இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான். "கோடு ஸ்கேல் வைச்ச மாதிரி வந்திருக்குக்கா" என்று கிராஃபை நீட்டினான். கோடு நேர்தான். ஆனால் ஸ்டாண்டர்டாக, அதாவது அளவு தெரிந்த ஒப்பீடாக, லியூசின் என்ற அமினோ அமிலம் 0.2 மைக்ரோமோல் இருந்த டியூபில், ஊதாவின் அடர்த்தியைக் காட்டும் 570 நானோமீட்டர் ரீடிங் வெறும் 0.38. ஒரு மில்லி ஸ்டாண்டர்டு, ஒரு மில்லி நின்ஹைட்ரின் ரீஏஜென்ட், பிறகு நீர்க்க 5 மில்லி, ஆக மொத்தம் 7 மில்லி. வினை முடிந்திருந்தால் 0.6 பக்கம் வந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் கொதிநீரில் வைத்தாய்?"

"அஞ்சு நிமிஷம்க்கா. அதுக்குள்ளயே ஊதா வந்துடுச்சே!"

தவறு அங்கேதான். ஊதா தெரிவது வேறு, வினை முடிவது வேறு. பாதியில் நிறுத்தினால் எல்லா ஸ்டாண்டர்டு டியூபிலும் ஏறக்குறைய ஒரே பங்குதான் வினைபுரிந்திருக்கும். அதனால் கோடு நேராகவே வரும், சரிவு மட்டும் குறையும். சாம்பிளிலோ பல அமினோ அமிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். பாதி வெந்த லியூசினை வைத்து அவற்றை அளக்க முடியாது.

அதே 0.2 மைக்ரோமோலை ஐந்து டியூபில் எடுத்து வெவ்வேறு நேரம் வைக்கச் சொன்னேன். 5 நிமிடத்தில் 0.38, பத்தில் 0.53, பதினைந்தில் 0.59, இருபதில் 0.61, இருபத்தைந்திலும் 0.61. ஏற்றம் நின்ற இடமே நம் நேரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் எழுதிய நேரத்தை அப்படியே நம்பக் கூடாது. அதற்காக அரை மணி, முக்கால் மணி என்று விட்டுவைத்தாலும் ஆபத்து: காற்றிலுள்ள ஆக்சிஜன் நிறத்தை வெளுக்கவைக்கும். டியூப் வாயில் கோலிக்குண்டு வைப்பது ஆவியாவதைக் குறைக்கத்தான். ஸ்டாண்டர்டு, சாம்பிள், அமினோ அமிலமே சேர்க்காத பிளாங்க் எல்லாம் ஒரே ஸ்டாண்டில் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏற வேண்டும். குளிர்ந்த டியூப்கள் இறங்கியதும் கொதி அடங்கும். மறுபடி கொதித்த பிறகே கடிகாரத்தைப் பாருங்கள்.

ஸ்டாண்டர்டுக்கு 131.2 மில்லிகிராம் லியூசினை 100 மில்லியில் கரைத்தால் 10 மில்லிமோலார். லியூசின் தண்ணீரில் நனையாமல் மிதக்கும். முழுக்கக் கரைந்த பிறகே குறிவரை நிரப்புங்கள். அதில் 2 மில்லியை 100 மில்லியாக்கினால் 0.2 மில்லிமோலார். இதிலிருந்து 0.2 முதல் 1 மில்லி வரை எடுத்து, எல்லா டியூபையும் தண்ணீரால் ஒரு மில்லியாக்க வேண்டும். சாம்பிள் ஆல்கஹாலில் எடுத்ததென்றால் அதை ஆவியாக்கிவிட்டுத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் கொதிநீரில் பொங்கி வழியும். கையுறை இல்லாமல் டியூப் வாயைத் தொடாதீர்கள். விரல் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு, பிளாங்க்கே ஊதாவாகிவிடும்.

புரோலின் மஞ்சளாக வரும், 440இல் பார்க்க வேண்டும். 570 கணக்கில் அது சிக்காது. அம்மோனியா இருந்தால் ஊதாவாகிக் கணக்கைக் கூட்டும்.

தம்பி மறுநாள் 20 நிமிடம் வைத்துப் பார்த்தான். முன்பு ஒரு மில்லி ராகிச் சாற்றில் 0.14 மைக்ரோமோல் என்று வந்தது, இப்போது 0.17. இரண்டு நாளும் கோடு நேராகத்தான் இருந்தது.