கேட்டரிங் ஆர்டர் ஃபார்மை வச்சு யூஐ கேஸ் ஸ்டடி எழுதுவது எப்படி?

யூஐ டிசைனர் வேலைக்கு அப்ளை பண்றவங்களோட போர்ட்ஃபோலியோல அழகழகா ஸ்கிரீன் இருக்கும், ஆனா அந்த ஸ்கிரீன் ஏன் அப்படி வந்துச்சுன்னு எங்கயும் எழுதியிருக்காது. வேலைக்கு எடுக்கறவங்க தேடறதே அந்த 'ஏன்'தான். அதனால இங்க ஒரே ஒரு ஃபார்மை எடுத்துக்கிட்டு கேஸ் ஸ்டடியை முதல்லேருந்து கடைசிவரை கட்டிப் பார்ப்போம். கடையும் அதோட எண்களும் விளக்கறதுக்காக நான் அமைச்சது, ஆனா அட்ரஸ் பத்தி சொல்றதெல்லாம் சிங்கப்பூர்ல நிஜமா இருக்கறதுதான்.

லிட்டில் இந்தியால ஒரு சின்ன கேட்டரிங் கடை. வெப்சைட்ல மூணு பக்க ஆர்டர் ஃபார்ம் இருக்கு: மெனு, அட்ரஸ், பேநவ்ல பணம். வர்றவங்க முக்காவாசிப் பேர் கைபேசில வர்றாங்க, பாதிலயே போயிடறாங்க.

1. பிரச்சனையை எண்ணோட எழுதுங்க

"பழைய டிசைன் குழப்பமா இருந்துச்சு"ன்னு எழுதினா அது உங்க கருத்து, பிரச்சனை இல்ல. யாரு, எந்த இடத்துல, என்ன பண்ணும்போது நிக்கறாங்க, அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, இந்த நாலும் வரணும்.

நம்ம கடைல நாலு வாரத்துல 400 பேர் ஃபார்மைத் திறந்தாங்கன்னு வைங்க. அதுல 310 பேர் அட்ரஸ் பக்கத்துக்கு வந்தாங்க, 150 பேர் அதைத் தாண்டினாங்க, 132 பேர் பணம் கட்டினாங்க. மெனுல 90 பேர் போயிட்டாங்க, விலை பார்க்க வந்தவங்களும் அதுல இருப்பாங்க, அதனால அது பெரிய விஷயம் இல்ல. பணம் கட்டற இடத்துல 18 பேர்தான் போனாங்க. ஆனா அட்ரஸ் பக்கத்துல 160 பேர், அதாவது வந்தவங்கள்ல பாதிக்கு மேல! சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஆள் கணக்குப் போட்டு, வாங்கணும்னு முடிவோட வந்தவங்க வீட்டு அட்ரஸ் எழுதற இடத்துல விட்டுட்டுப் போறாங்க. இதைத்தான் பிரச்சனைன்னு எழுதணும்.

எதை அளக்கப் போறோம்னும் இப்பவே, ஒரு கோடு கூட வரையறதுக்கு முன்னாடி, எழுதி வச்சிடுங்க. டிசைன் முடிஞ்சப்புறம் எண் தேடினா, ஏறியிருக்கற எண்ணுதான் கண்ணுல படும். இங்க முக்கியமான அளவு, ஃபார்மைத் திறந்தவங்கள்ல எத்தனை பேர் பணம் கட்டி முடிச்சாங்கங்கறது: 400க்கு 132, அதாவது 33%. ஒரே ஆள் மூணு தடவை திறந்தா ஒண்ணாத்தான் எண்ணணும், கடைக்காரங்க சோதிச்சுப் பார்க்கறதைக் கழிச்சிடணும்.

கூடவே காவலுக்கு இன்னொரு அளவும் வைங்க. ஃபார்மை ரொம்ப லேசாக்கிட்டா அரைகுறை அட்ரஸோட ஆர்டர் குவியும், எண்ணிக்கை ஏறும், டெலிவரி பண்ற அண்ணன் வாய்ட் டெக்ல சாப்பாட்டோட நின்னுட்டு ஃபோன் போட்டுக்கிட்டிருப்பாரு. அதனால அட்ரஸ் சரியில்லாம கடைக்காரங்க வாட்ஸ்அப்ல திரும்பக் கேட்க வேண்டி வந்த ஆர்டர் எத்தனைன்னும் எண்ணுங்க. முதல்ல அது 132ல 29.

2. பக்கத்துல உக்காந்து பாருங்க

எங்க நிக்கறாங்கன்னு எண் சொல்லும், ஏன் நிக்கறாங்கன்னு சொல்லாது. அஞ்சு பேரைக் கூப்பிடுங்க, அவங்கவங்க கைபேசிலயே "உங்க வீட்டுக்கு 30 பேருக்குச் சாப்பாடு ஆர்டர் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டுப் பாருங்க. உதவி பண்ணக் கை துறுதுறுன்னு வரும், பண்ணாதீங்க.

இந்த மாதிரி ஃபார்ம்ல என்ன தெரியும்னா, அது வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துப் போட்டதா இருக்கும். அட்ரஸ் வரி ஒண்ணு, வரி ரெண்டு, சிட்டி, ஸ்டேட், போஸ்டல் கோட், நாடு, எல்லாமே கட்டாயம். சிங்கப்பூர்ல ஸ்டேட்டே கிடையாது, அதனால சிட்டிக்கும் சிங்கப்பூர், ஸ்டேட்டுக்கும் சிங்கப்பூர், நாட்டுக்கும் சிங்கப்பூர்னு மூணு தடவை அடிக்கறாங்க. ஈசூன்லேருந்து வந்த ஆண்டி ஸ்டேட்ல வந்து நின்னுட்டு, "இதுல என்னம்மா போடறது, ஈசூன்னு போடவா?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்வியை வார்த்தை மாறாம கேஸ் ஸ்டடில போடுங்க, உங்க பத்து வரி விளக்கத்தை விட அது நல்லாப் புரிய வைக்கும்.

இன்னும் கிட்டப் பார்த்தா யூனிட் நம்பர்ல ஒரு சிக்கல் தெரியும். நம்ம ஊர்ல அதை `#08-123`னு எழுதறோம். ஆனா கைபேசி கீபோர்டுல `#` முதல் பக்கத்துல இருக்கறதில்ல, குறியீட்டுப் பக்கத்துக்கு மாறித் தேடணும். சிலர் அதை விட்டுட்டு 08-123னு அடிப்பாங்க, சிலர் 8 123னு இடைவெளி விடுவாங்க, சிலர் யூனிட் நம்பரையே மறந்துடுவாங்க. கடைக்காரங்க ஏன் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப் பண்றாங்கங்கறதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு.

கேஸ் ஸ்டடில இந்தப் பகுதியைச் சின்னதா வைங்க. ஒட்டுக் காகிதம் நிறைஞ்ச சுவர் படம் வேணாம். எந்த இடத்துல விரல் நின்னுச்சோ அந்த ஸ்கிரீன் ஒண்ணு, அதுக்குக் கீழ ரெண்டு வரி போதும். அஞ்சு பேர்ல நாலு பேர் தடுமாறினா "5 பேர்ல 4 பேர்"னே எழுதுங்க, 80%னு எழுதாதீங்க, அஞ்சு பேருக்குச் சதவீதம் போட்டா படிக்கறவங்களுக்கு உங்க மத்த எண்கள் மேலயும் நம்பிக்கை போயிடும்.

3. முடிவுகள்: எதை எடுத்தீங்க, எதை விட்டீங்க

கேஸ் ஸ்டடியோட உயிரே இங்கதான் இருக்கு, இதுக்கு நிறைய இடம் கொடுங்க. ஒவ்வொரு முடிவுக்கும், எதிர்ல இருந்த வேற வழி என்ன, அதை ஏன் விட்டோம், எடுத்த வழில என்ன குறைன்னு மூணையும் எழுதணும்.

நம்ம கேஸ்ல முதல் முடிவு, போஸ்டல் கோடை முன்னாடி கேட்கறது. சிங்கப்பூர்ல 1995லேருந்து போஸ்டல் கோட் ஆறு இலக்கம், ஒவ்வொரு எச்டிபி பிளாக்குக்கும் தனித்தனியா ஒண்ணு இருக்கு. அந்த ஆறு எண்ணை அடிச்சா சிங்கப்பூர் நில ஆணையத்தோட ஒன்மேப் தேடல் பிளாக் நம்பரையும் தெருப் பேரையும் எடுத்துக் கொடுத்துடும், மிச்சம் கேட்க வேண்டியது யூனிட் நம்பர் மட்டும்தான். வேற ரெண்டு வழியும் இருந்துச்சு. ஒண்ணு, எல்லாத்தையும் ஒரே பெட்டில எழுத விடறது: அடிக்க லேசு, ஆனா யூனிட் நம்பர் விட்டுப் போறது அப்படியேதான் இருக்கும். இன்னொண்ணு மேப்ல பின் குத்தறது: அந்தப் பின் பிளாக்கோட கார்பார்க்ல போய் விழும், எத்தனாவது மாடின்னு அதுக்குத் தெரியாது. எடுத்த வழிலயும் குறை உண்டு. புதுசா எழும்பின பிளாக் தேடல்ல வராமப் போகலாம், அதனால "நானே எழுதறேன்"னு ஒரு பட்டன் வச்சே ஆகணும்.

ரெண்டாவது முடிவு, யூனிட் நம்பரை மாடி, வீடுன்னு ரெண்டு சின்னப் பெட்டியாப் பிரிச்சு, `#`ம் நடுக்கோடும் ஸ்கிரீன்லயே நிரந்தரமா நிக்கற மாதிரி வைக்கறது. தரை வீட்டுல இருக்கறவங்களுக்கு யூனிட் நம்பரே கிடையாது, அவங்களுக்கு "யூனிட் நம்பர் இல்லை"ன்னு ஒரு டிக் பெட்டி. இதை மறந்தா அவங்களால அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியாது.

மூணாவது முடிவு பார்க்கச் சின்னதா இருக்கும், ஆனா உங்களுக்கு வேலை தெரியும்னு காட்டறது இதுதான். போஸ்டல் கோட் பெட்டியை `type="number"`னு வைக்கக் கூடாது. ராஃபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே மாதிரி நகர மையத்துல போஸ்டல் கோட் 0ல ஆரம்பிக்கும், அதை எண்ணாக் கணக்குப் பண்ணினா முன்னாடி இருக்கற 0 காணாமப் போயி அஞ்சு இலக்கம் ஆயிடும், அப்புறம் ஆஃபீஸ் ஆர்டருக்கு மட்டும் "தவறான எண்"னு வரும். இப்படி வைங்க:

```html
<input type="text" inputmode="numeric"
       autocomplete="postal-code">
```

எண் கீபோர்டும் வரும், 0வும் இருக்கும். `maxlength="6"` வேணும்னே போடல. ஒருத்தர் வாட்ஸ்அப்லேருந்து "Singapore" கூடச் சேர்த்து காப்பி பண்ணி ஒட்டினா முதல் ஆறு எழுத்து மட்டும் நின்னு எண் முழுசும் வெட்டுப்பட்டுடும். ஒட்டின பிறகு எண் இல்லாததை நீக்கிக்கச் சொல்லி டெவலப்பர்கிட்ட எழுதிக் கொடுங்க, அந்தக் குறிப்பையும் கேஸ் ஸ்டடில காட்டுங்க.

4. பலனை அளந்தபடி சொல்லுங்க

புது ஃபார்ம் போட்டு இன்னொரு நாலு வாரம். திரும்ப 400 பேர்: அட்ரஸ் பக்கத்துக்கு 308, அதைத் தாண்டினவங்க 208, பணம் கட்டினவங்க 184. 33% இருந்தது 46% ஆச்சு. இதை "13 சதவீதப் புள்ளி ஏறுச்சு"ன்னு எழுதுங்க. "39% வளர்ச்சி"ங்கறதும் கணக்குப்படி சரிதான், ஆனா ஆரம்ப எண்ணைச் சொல்லாம அதை மட்டும் போட்டா ஏமாத்தற மாதிரி ஆயிடும். 400 பேர்ங்கறது பெரிய கூட்டமும் இல்ல, உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ 6லேருந்து 20 புள்ளிக்குள்ள எங்க வேணா இருக்கலாம், அதையும் ஒரு வரில சொல்லிடுங்க.

அடுத்து, ஏத்தம் உங்க டிசைனாலதான் வந்துச்சான்னு நீங்களே குறுக்குக் கேள்வி கேட்டுக்கணும். மெனுவைத் தாண்டினவங்க முன்னாடி 77.5%, இப்போ 77%. பணம் கட்டற இடத்துல முன்னாடி 12% போனாங்க, இப்பவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அட்ரஸ் பக்கத்தைத் தாண்டினவங்க மட்டும்தான் 48%லேருந்து 68% ஆகியிருக்காங்க. மாத்தின இடத்துல மட்டும் எண் மாறியிருக்கறதால உங்க பேச்சுக்கு பலம் கூடுது. மூணு பக்கமும் சேர்ந்து ஏறியிருந்தா வேற எதோ காரணம்னு சந்தேகப்படணும். தீபாவளி நெருங்கற வாரங்களைச் சாதாரண வாரங்களோட ஒப்பிடவே கூடாது, அப்போ வர்றவங்க எப்படியும் வாங்கணும்னு வர்றவங்க.

காவல் எண்ணையும் போடுங்க: திரும்பக் கேட்க வேண்டி வந்தது 132ல 29, இப்போ 184ல 11. நம்ம கேஸ்ல மூணு மாற்றமும் ஒரே நேரத்துல போச்சு, அதனால எது எவ்வளவு உதவுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதையும் அப்படியே எழுதுங்க, இன்டர்வியூல அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்.

படிக்கிற பிள்ளைங்க பயிற்சிக்குப் பண்ணின புராஜெக்ட்னா நிஜ டேட்டா இருக்காது. அப்போ பழைய ஃபார்ம்ல அஞ்சு பேர், புது ஃபார்ம்ல வேற அஞ்சு பேர், யாரு உதவியில்லாம முடிச்சாங்க, எங்க தப்பு அடிச்சாங்கன்னு எண்ணிப் போடுங்க. விற்பனை ஏறும்னு ஜோசியம் சொல்லாதீங்க.

5. போடறதுக்கு முன்னாடி

கேஸ் ஸ்டடியோட உச்சில ஒரு மூணு வரிச் சுருக்கம் வைங்க, ஆனா அதைக் கடைசியா எழுதுங்க: பிரச்சனை ஒரு வரி, முக்கியமான முடிவு ஒரு வரி, எண் ஒரு வரி. டீம்ல வேலை பார்த்திருந்தா எது உங்க கை வேலைன்னு அதுக்குக் கீழயே சொல்லிடுங்க.

ஸ்கிரீன்ஷாட்ல நிஜ கஸ்டமரோட பேரு, ஃபோன் நம்பர், யூனிட் நம்பர் தெரியவே கூடாது. மங்கலாக்கறதை விட, பொய் டேட்டா போட்டுப் புதுசா ஸ்கிரீன்ஷாட் எடுக்கறதுதான் பத்திரம். கடைக்காரங்ககிட்ட அனுமதி கேளுங்க, எத்தனை ஆர்டர் வருதுன்னு வெளிய தெரிய வேணாம்னு அவங்க சொன்னா, 33%லேருந்து 46%ங்கறதையும் எத்தனை வாரம் அளந்தீங்கங்கறதையும் மட்டும் வச்சுக்கிட்டு மத்த எண்ணை எடுத்துடுங்க.