பாரிஸில் ஏறி உல்மில் இறங்க: ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பிள்ளைகள் பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ இருக்கிற வீடுகள் உண்டு. விசா வந்ததும் அம்மாமார் கேட்பது இதுதான்: "தம்பி, கோச்சி டிக்கெட்டைப் பிரித்து எடுத்தால் மலிவாம், எடுக்கவா?" மலிவாகக் கிடைப்பது உண்மைதான். எதை விட்டுக்கொடுத்து அந்த மலிவு வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

நம்ம ஊர்ப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஹட்டனில் யாழ்ப்பாணத்துக்கு முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து, பொல்கஹவெலவில் இறங்கி மாறுகிறவர், முதல் கோச்சி பிந்தினால் அடுத்து வருவதில் நெருக்கியடித்து ஏறிவிடுவார். ஐரோப்பாவில் மலிவு டிக்கெட் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஜெர்மன் டிக்கெட்டில் Zugbindung என்று இருந்தால் அதற்கு அர்த்தம் அதுதான். அந்த ரயிலைத் தவறவிட்டால், சாதாரணமாக அந்த டிக்கெட்டும் போனதுதான்.

1. ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பாரிஸில் ஏறி ஸ்டுட்கார்ட்டில் மாறி உல்ம் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரமும் விலையும் கணக்குக்காக நான் போட்டவை. முதல் ரயில் 2.10க்கு ஸ்டுட்கார்ட் சேரவேண்டும், அடுத்தது அங்கிருந்து 2.45க்குக் கிளம்பும், உல்ம் சேருவது 3.30க்கு. ஒரே டிக்கெட் 60 யூரோ. பிரித்து எடுத்தால் 38ம் 14ம், மொத்தம் 52. மிச்சம் 8 யூரோ.

முதல் ரயில் 50 நிமிடம் பிந்துகிறது. 2.45 போய்விட்டது. அடுத்த ரயிலில் உல்ம் சேரும்போது 4.45.

ஒரே டிக்கெட் என்றால், தாமதம் அளக்கப்படுவது கடைசி ஊரில். 75 நிமிடம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 60 முதல் 119 நிமிடம் வரை டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120க்கு மேல் 50 சதவீதம். ஆக 15 யூரோ திரும்பி வரும், அடுத்த ரயிலுக்கும் காசு கட்டவேண்டியதில்லை.

இரண்டு டிக்கெட் என்றால் கதையே வேறு. முதல் டிக்கெட் ஸ்டுட்கார்ட்டோடு முடிந்தது. அங்கே பிந்தியது 50 நிமிடம்தான், 60க்குக் கீழே, சட்டப்படி இழப்பீடு இல்லை. சில கம்பெனிகள் தங்கள் சொந்த விதியில் தரலாம், அது வேறு. இரண்டாவது ரயிலோ நேரத்துக்குப் போயிற்று, அதன்மேல் என்ன குறை சொல்வது? புது டிக்கெட் அன்றைய விலைக்கு, உங்கள் கையிலிருந்து.

2. காசு கட்டுமுன் திரையைப் படியுங்கள்

ஒரே கூடையில் போட்டு ஒரே தடவையில் காசு கட்டினால் ஒரே டிக்கெட் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். பாதி சரி. 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு ரயில் கம்பெனி இப்படி ஒன்றாக விற்றால் முழுப் பயணத்துக்கும் அதுவே பொறுப்பு. ஆனால் இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று வாங்குமுன் சொல்லி, டிக்கெட்டிலும் போட்டுவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. அதனால் separate contracts என்ற சொல் எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

ரயில் கம்பெனி இல்லாத இடைத்தரகர் அப்படிச் சொல்லாமல் விற்று, நீங்கள் இணைப்பைத் தவறவிட்டால், முழுக் காசையும் திருப்பி, அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தரவேண்டும். சொன்னோம் என்று நிரூபிப்பது விற்றவர் பாடு.

3. தவறிவிட்டதா? ஓடாதீர்கள், தாள் வாங்குங்கள்

தாமதத்தை ஊழியரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரே டிக்கெட் வைத்திருந்து, 60 நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்று தெரிந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு வழியில் அனுப்பச் சொல்லலாம். இணைப்பு ரயில் கிளம்பவேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் எந்த வழியும் சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலோ பஸ்ஸோ பிடித்து நியாயமான செலவைக் கேட்கலாம். ரசீது முக்கியம்.

கடைசி ரயில் தவறி இரவு தங்கவேண்டி வந்தால் அறையும் அவர்கள் பொறுப்பே. இரண்டு டிக்கெட் வைத்திருப்பவருக்கு இது கிடையாது. அதுதான் எனக்குப் பெரிய வித்தியாசம். மொழி தெரியாத அம்மாவை 8 யூரோவுக்காக அந்த நிலையில் விடமாட்டேன். கடும் வானிலை, தண்டவாளத்தில் ஆள் என்று காரணம் வந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம், ஆனால் உதவி செய்யவேண்டும். ஊழியர் வேலைநிறுத்தம் அந்தச் சாக்கில் சேராது.

இழப்பீட்டு விண்ணப்பத்தை 3 மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

4. பிரித்துத்தான் எடுக்கிறீர்கள் என்றால்

நடுவில் 2 மணி நேரமாவது விடுங்கள், அன்றைய கடைசி ரயிலை இரண்டாவதாகப் போடாதீர்கள். இரண்டாவது டிக்கெட்டை எந்த ரயிலிலும் ஏறக்கூடிய வகையாக எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும். அப்படியும் தவறினால், முதல் ரயில்காரர் தந்த தாமதத் தாளைக் காட்டி அடுத்ததில் ஏற்றிக்கொள்ளக் கேட்டுப்பாருங்கள். சில கம்பெனிகள் தங்களுக்குள் அப்படி உடன்பாடு வைத்திருக்கின்றன, ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது.