குறைந்த காற்றில் ஓடிவந்த லாரி டயருக்கு உடனே காற்று அடிக்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் சென்னைக்கும் பெங்களூருக்கும் சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் பஞ்சர் கடை. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பஞ்சர் ஒட்டுவதை இல்லை. காற்று குறைந்து வெகுதூரம் ஓடிய ரேடியல் டயரை எப்படிக் கையாள்வது என்பதைத்தான்.

ரேடியல் டயரின் பக்கச் சுவருக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. காற்று குறைந்தால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் சுவர் மடிந்து நிமிரும். பைண்டிங் கம்பியை ஒரே இடத்தில் மடித்து மடித்து நிமிர்த்தினால் கடைசியில் ஒடிகிறது அல்லவா, உள்ளே நடப்பதும் அதேதான். ரோட்டில் ஓடும்போது காற்று குறைவாக இருப்பதால் நைந்த கம்பியும் தாங்கிவிடும். முழுக் காற்று ஏற்றும்போது ஒரு கம்பி அறும். அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், அதுவும் அறும். ஜிப் திறப்பதுபோல் சுவர் வளைவாகக் கிழிந்து, அத்தனை காற்றும் ஒரே நொடியில் பக்கவாட்டில் பாயும். டயர் முன்னால் குனிந்திருப்பவர் பிழைப்பது கடினம்.

ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி, தொப்பூர் கணவாய் ஏறி வந்த லாரி. பின்பக்க இரட்டை டயரில் உள் டயர் இறங்கியிருந்தது. "அண்ணா, காத்து மட்டும் புடிங்க, பெங்களூர் போய் பாத்துக்கறேன்" என்றார் டிரைவர்.

முதலில் கேஜ் வைத்துப் பார்த்தோம். இருக்கவேண்டியது 110 பவுண்டு, காட்டியது 60. இங்கே பிடித்துக்கொள்ள வேண்டிய கோடு 80 சதவீதம். 110-க்கு அது 88. அதற்குக் கீழே இறங்கி ஓடிய டயரை வண்டியில் வைத்தே காற்று பிடிக்கக்கூடாது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியும் இதே 80 சதவீதத்தைத்தான் சொல்கிறது. இன்னொன்று, டயர் சூடாக இருக்கும்போது கேஜ் கூடுதலாகவே காட்டும். ஆறிய பிறகு அந்த 60-ம் இருக்காது.

அப்புறம், நட்டைத் தொடும் முன்பே உள் டயர், வெளி டயர் இரண்டிலும் வால்வு ஊசியைக் கழற்றி காற்றை முழுசாக விட்டுவிடுங்கள். சீறல் நின்றதும் வால்வுக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று பாருங்கள். அதன் பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

டயரை டிஸ்க்கிலிருந்து பிரித்து டியூபை எடுத்ததும் உள்ளே கறுப்பு ரப்பர் பொடி கொட்டியது. குறைந்த காற்றில் உராய்ந்து ஓடியதற்கு அதுவே சாட்சி. டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மேடு பள்ளம் இருந்தால் நிழல் விழும். வெளியில் சுவர் வழுவழுவென்று நன்றாகவே இருந்தது. உட்புறம் சுவரின் நடுவுக்கு மேலே சுற்றுவாக்கில் ஒரு சுருக்கக் கோடு ஓடியது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனது. இரண்டு கையாலும் சுவரை மடித்தபோது 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. அறுந்த கம்பி போடும் சத்தம் அது. இதில் ஒன்று இருந்தாலே டயர் முடிந்தது, ஒட்டுப் போடவோ ரீட்ரெடிங் செய்யவோ அனுப்பக்கூடாது. நாங்கள் பக்கச் சுவரை அறுத்தே ஓரமாகப் போட்டோம். முழுசாக விட்டால் யாராவது எடுத்துப் போய் மாட்டிவிடுவார்கள்.

சரி, வெளி டயர்? அதில் காற்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஜோடி டயர் இறங்கியதால் அதன் பாரத்தையும் இதுவே சுமந்து வந்திருக்கிறது. அதனால் அதையும் பிரித்து அதேபோல் பார்த்தோம், குறை எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் கம்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது. ஆகவே இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று.

வால்வில் கவ்வி நிற்கும் நாசில், நீள ஹோஸ், நம் கைப்பக்கம் கேஜும் திருகு வால்வும். 20 பவுண்டு வந்ததும் நிறுத்தி, தள்ளி நின்றே வீக்கம் தெரிகிறதா, சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் வேண்டிய காற்றுக்கு மேல் 20, அதாவது இந்த டயருக்கு 130 வரை ஏற்றுங்கள். டிஸ்க்கும் டயரும் அவ்வளவு தாங்கும் என்று அவற்றின் மேல் போட்டிருந்தால் மட்டும்தான் இது. மறுபடி கவனித்துவிட்டு 110-க்கு இறக்கி, பிறகு கூண்டிலிருந்து எடுங்கள். டிஸ்க்கில் டயரைப் பிடித்து நிற்கும் ரிங் தெறித்தால் கூண்டு அதைத் தடுக்கும், காற்றின் அடியைத் தடுக்காது. அதனால் பக்கச் சுவருக்கு எதிரே நிற்கவே கூடாது. ஏற்றும்போது ஒரு 'டிக்' கேட்டாலும் கிட்டே போகாமல், நிற்கும் இடத்திலிருந்தே காற்றை இறக்கிவிடுங்கள்.

அந்த வெளி டயர் 130-லும் சத்தமில்லாமல் நின்றது. உள்ளே ஸ்டெப்னியைப் போட்டு, இரண்டிலும் 110 பார்த்து அனுப்பினோம். இரண்டு மணி நேரம் ஆனது.