முழங்கால் வலி உள்ளவருக்கான பயணத் திட்டம்: இறங்கும் படிகளை எண்ணுவது எப்படி?

முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பயணம் திட்டமிடும்போது பெரும்பாலோர் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் சமதளத்தில் நடப்பதைவிடப் படிகளும் சரிவுகளும்தான் மூட்டுக்கு அதிகச் சுமை தருகின்றன. அதிலும் இறங்கும்போது, மடங்கிய ஒற்றைக் காலே உடலின் முழு எடையையும் தாங்கி மெல்லக் கீழிறக்க வேண்டியிருப்பதால், ஏறும்போது வலிக்காதவருக்கும் இறங்கும்போது வலிப்பது உண்டு.

முதலில், புறப்படுவதற்கு முன் ஒரு வாரம், பயணம் செய்பவர் அன்றாடம் நடக்கும் தூரம், ஏறும் படிகள், இறங்கும் படிகள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்துவர வேண்டும். மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடாமல் எழுந்த நாள்களில் மிக அதிகமாக உள்ள அளவே அவருடைய வரம்பு. கைப்பேசியின் மாடிக் கணக்கை இதற்கு நம்ப வேண்டாம். அது பொதுவாக ஏறியதை மட்டுமே காட்டும்.

அடுத்து, பயணத்தின் ஒவ்வொரு நாளையும் அதே மூன்று கணக்கில் எழுத வேண்டும். மூன்று மீட்டர் உயர மாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 18 படிகள் என்று கொள்ளலாம். பழைய கோட்டைகளில் படியின் உயரம் ஒரே சீராக இராது என்பதால், அங்கு எண்ணிக்கையோடு உயரத்தையும் கைப்பிடி உண்டா என்பதையும் படங்களில் பார்த்துக்கொள்வது நல்லது.

சரிவுக்கு, வரைபடச் செயலி காட்டும் உயர வேறுபாட்டை நடக்கும் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 500 மீட்டரில் 40 மீட்டர் இறங்கினால் அது 8 சதவீதம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பல நாடுகளில் வைத்திருக்கும் உச்ச அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. அரைக் கிலோமீட்டருக்கு அப்படி நீளும் இறக்கத்தை வாகனத்தில் கடப்பதே என் பரிந்துரை.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருடைய வரம்பு 3 கிலோமீட்டர் நடை, ஏற 60 படிகள், இறங்க 60 படிகள். திட்டமிட்ட நாளில் நடை 2.5 கிலோமீட்டர்தான் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் லிஃப்ட் இல்லாத விடுதியின் இரண்டாம் மாடி அறையிலிருந்து இருமுறை வெளியே சென்றால் இறங்க 72 படிகள், ரயில் நிலைய மேம்பாலத்தில் போக வர இறங்க 80, குன்றின் உச்சிக் காட்சிமேடையிலிருந்து இறங்க 120 என மொத்தம் 272 ஆகிறது. ஏறவும் அதே அளவு.

தரைத்தள அறை எடுத்தால் 72 போய்விடும். விடுதிக்காரர்கள் "சில படிகள்தான்" என்பார்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் உள்ள நிலையத்தில் இறங்கினால் 80 குறையும். மீதமுள்ள 120 மட்டுமே வரம்பைப்போல் இருமடங்கு என்பதால், உச்சியை விட்டுவிட்டு, 50 படிகளில் எட்டக்கூடிய கீழ்மேடையோடு நிறுத்திக்கொள்ளலாம். இதுவும் வரம்பை ஒட்டியே இருப்பதால், மறுநாளைப் படியில்லாத நாளாக வைக்க வேண்டும்.

முழங்கால் திடீரெனப் பிடித்துக்கொள்வதோ, நடக்கையில் மடங்கிச் சரிவதோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. முன்பதிவுக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.