மூன்று நிமிட இரங்கலுரை: மேடையேறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்ப் பெரியவர் ஒருவர் மறைந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அல்லது முப்பதாம் நாளில், சமுதாயக் கூடத்தில் படத்திறப்பு வைக்கிறார்கள். பேசுவோர் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். ஆளுக்கு 3 நிமிடம் என்று ஒருங்கிணைப்பவர் சொல்லியிருப்பார். முதல் நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால், ஐந்தாமவர் மைக்கைப் பிடிக்கும்போது கூட்டத்தில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்வரிசையில் இருக்கும் குடும்பத்தாரால் எழுந்து போகவும் முடியாது. நாள் முழுக்கச் சடங்குகளில் அலைந்து களைத்தவர்கள் அவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பேச்சைத் தயாரிக்க வேண்டும்.

நேரம் முதலில் கரைவது விளிப்பில். "மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே" என்று எட்டுப் பேரைப் பட்டத்தோடு அழைத்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. போதாததற்கு, ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஒருவருக்கு மனவருத்தம். வரவேற்புரையில் எல்லாப் பெயர்களையும் ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். "ஐயாவின் குடும்பத்தாருக்கும் இங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்" என்ற ஒரே வரி போதும். யாரையும் தனியாகச் சொல்லாதபோது யாரும் விடுபட்டதாகவும் ஆகாது.

அடுத்தது நாக்குப் பழக்கம். திருமணம், ஆண்டு விழா, பாராட்டுக் கூட்டம் என்று பேசிப் பழகியவர்களுக்கு "இந்த விழாவிலே கலந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி", "வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கு நன்றி" என்பதெல்லாம் தன்னால் வந்துவிடும். அனுபவமுள்ள பேச்சாளர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் எழுதிவைப்பதில்லை. இடையில் உள்ளதை மனதிலிருந்து பேசினாலும், முதல் வரியையும் கடைசி வரியையும் தாளில் எழுதி அப்படியே சொல்லுங்கள். "நினைவேந்தல்", "படத்திறப்பு", "கூட்டம்" என்ற சொற்கள் இருக்க, "விழா" எங்கும் வர வேண்டாம்.

இனி முக்கியமான தவறு. "அவர் பண்பாளர், அன்பாளர், எளிமையின் சிகரம், ஈடு செய்ய முடியாத இழப்பு." இதில் ஒரு சொல்லும் பொய்யாக இருக்காது. ஆனால் பெயரை மாற்றினால் அடுத்த ஊரில் மறைந்தவருக்கும் அதே பேச்சைப் பேசிவிடலாம். கேட்கிற மகளுக்குத் தன் அப்பா அதில் தென்பட மாட்டார். சுருக்கமாகப் பேசியும் நெஞ்சைத் தொட வேண்டுமென்றால் பேச்சில் அவர் செய்த ஒரு காரியம், கண்ணால் பார்க்கிறாற்போல, இருக்க வேண்டும். ஒன்று போதும். மூன்று நிகழ்ச்சிகளை அடுக்கினால் எதையும் முழுதாகச் சொல்ல நேரம் இருக்காது, மூன்றும் பட்டியலாகிவிடும்.

ஒரு பெரியவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். "ஏழை எளியவர்க்கு ஓடோடி உதவிய வள்ளல்" என்று இவரைப் பற்றிப் பத்துப் பேர் பேசுவார்கள். அவர்களுக்கு நடுவில் இப்படி ஒருவர் பேசினால்:

"ஐயாவின் குடும்பத்தாருக்கும் இங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு மனு எழுத ஐயா வீட்டுத் திண்ணைக்குப் போனோம். பெயர், வயது, கதவு எண் எல்லாம் கேட்டு எழுதினார். எழுதும்போது அடியில் கார்பன் தாள் இருந்தது. எழுதி முடித்ததும் அதைப் பெரியம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினார். 'இது நீங்க கேக்கறதுதானா, பாத்துக்குங்க' என்றார். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரில் போகும் தாளில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் ஒருவர் அவருக்குச் சொன்னார். கார்பன் காப்பியைக் கையில் கொடுத்து, 'ஆபீஸ்ல இதுல சீல் வாங்காம வந்துடாதீங்க' என்று அனுப்பினார். உதவித்தொகை வந்தது. அந்தக் காப்பியைப் பெரியம்மா இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறார். அப்படி ஒரு தாள் வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். அம்மா, அந்தத் திண்ணைக்கு வந்த எங்களுக்கெல்லாம் எந்நேரமும் தண்ணீர் கொடுத்தது நீங்கள். உங்கள் துக்கத்தில் நாங்களும் இருக்கிறோம். வணக்கம்."

ஏறக்குறைய 100 சொற்கள். நிதானமாகச் சொன்னால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நல்லவர், பெரிய மனசுக்காரர் என்று ஓரிடத்திலும் இல்லை. படிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டினார் என்பதிலேயே அவர் மனிதர்களை மதித்தது வந்துவிட்டது. அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் பேச்சு வழக்கிலேயே விட்டிருப்பதைக் கவனியுங்கள். "இது தாங்கள் கேட்பதுதானா என்று பாருங்கள்" என்று திருத்தினால் அந்தக் குரல் போய்விடும். சொன்னது சரியாக நினைவில்லை என்றால் மேற்கோளாகச் சொல்லாமல் பொருளை மட்டும் சொல்லுங்கள். அவரோடு வாழ்ந்தவர்கள் எதிரில் இருக்கிறார்கள், அவர் பேசாத சொல்லை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தப் பேச்சில் பேசுபவர் எங்கே இருக்கிறார் என்பதையும் பாருங்கள். மனு எழுத உடன் போனவர், அவ்வளவுதான். பல இரங்கலுரைகள் இங்கே தடம் மாறுகின்றன. "என்னை அவர்தான் செயலாளராக முன்மொழிந்தார், நான் அப்போது சொன்னேன், என் பேச்சைக் கேட்டு அவரே பாராட்டினார்" என்று போகப் போக, மறைந்தவர் பேசுபவரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பாத்திரமாகிவிடுகிறார். எழுதி முடித்ததும் நான், என்னை, எனக்கு, என் என்ற சொற்களை எல்லாம் கோடிடுங்கள். அவரைக் காட்டுவதற்குத் தேவையில்லாத ஒவ்வொன்றையும் எடுத்துவிடுங்கள்.

நிகழ்ச்சி நினைவுக்கு வரவில்லை என்றால், "ஐயா எப்படிப்பட்டவர்?" என்று குடும்பத்தாரிடம் கேட்காதீர்கள். "தங்கமானவர்" என்றுதான் பதில் வரும். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார், வீட்டுக்கு யார் அதிகம் வருவார்கள், எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள். அதே போனில் முன்னெழுத்து, வயது, மறைந்த தேதி, துணைவியார் பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். போஸ்டரில் ஒரு வயதும் பத்திரிகை விளம்பரத்தில் வேறொரு வயதும் அச்சாகியிருப்பது உண்டு. ஒருவர் நிறைவு வயதைப் போட்டிருப்பார், இன்னொருவர் நடப்பு வயதைப் போட்டிருப்பார். குடும்பத்தார் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குறள் சொல்வது நம் வழக்கம். அதில் பொருத்தம் பார்க்காவிட்டால் ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் காயப்படுத்திவிடும். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்ற 114ஆம் குறளைப் பலர் விரும்பிச் சொல்வார்கள். எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் பிள்ளைகள் என்று பொருள் கொண்டார். பிள்ளை இல்லாத பெரியவரின் மனைவி முன்வரிசையில் இருக்கும்போது இந்தக் குறள் அவர் காதில் எப்படி விழும்? "வையத்துள் வாழ்வாங்கு" என்ற 50ஆம் குறள் இல்வாழ்க்கை அதிகாரத்தில் இருக்கிறது, வானுறையும் தெய்வத்தில் போய் முடிகிறது. கடைசிவரை மணம் செய்யாதவருக்கோ கடவுள் மறுப்பாளருக்கோ அது இசையாது. "நெருநல் உளனொருவன்" நிலையாமையைப் பற்றியது, அந்த மனிதரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேலும், உங்களுக்கு முன் பேசும் இரண்டு பேராவது அதைச் சொல்லியிருப்பார்கள். குறள் இல்லாமலும் இரங்கலுரை நிறைவாக இருக்கும்.

நம்பிக்கை சார்ந்த சொற்களிலும் இதே கவனம் வேண்டும். சைவக் குடும்பம் "சிவபதம் அடைந்தார்" என்று போட்டிருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று சொல்லும். முஸ்லிம் குடும்பம் "வஃபாத்தானார்" என்று சொல்லும். பகுத்தறிவாளர் வீட்டில் "இயற்கை எய்தினார்" என்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கறுப்புச் சட்டை அணிந்தவரின் படத்தின் முன் நின்று "அன்னாரது ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன்" என்று சொன்னால், அவர் கடைப்பிடித்த கொள்கையை அவர் இல்லாதபோது மறுப்பதாகிவிடும். அழைப்பிதழில் குடும்பம் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். ஊகிக்க வேண்டாம்.

சில விஷயங்களை அன்பினால்தான் பேசுவார்கள், ஆனாலும் பேசக் கூடாது. கடைசி நாட்களின் ஆஸ்பத்திரி விவரம் ஒன்று. "இன்னும் நாலு நாள் முன்னாடி கூட்டிப் போயிருந்தால்" என்ற ஒரு வாக்கியம் ஒரு மகனைப் பல வருஷம் தூங்க விடாது. இன்னொன்று மேடையில் தரும் வாக்குறுதி. "ஐயா பெயரில் அறக்கட்டளை தொடங்குவோம், வருஷா வருஷம் பரிசு கொடுப்போம்" என்று உணர்ச்சிவசப்பட்டு அறிவித்தால் கைதட்டல் வரும். பணம் யார் போடுவது, யார் நடத்துவது என்று முடிவாகாததால் அடுத்த வருஷம் அது நடக்காது. அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்த துணைவியாரிடம் யாரும் விளக்கம் சொல்லவும் மாட்டார்கள். குடும்பத்தோடும் சங்கத்தோடும் பேசி முடிவான பிறகு அறிவித்தால் போதும்.

அளவைப் பொறுத்தவரை, துக்கக் கூட்டத்தில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொற்களுக்கு மேல் ஓடாது. எனவே 3 நிமிடத்துக்கு 250 சொற்கள் மேல்வரம்பு. வீட்டில் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். "இப்பூவுலக வாழ்வை நீத்து மீளாத்துயிலில் ஆழ்ந்த" போன்ற தொடர்கள் மூச்சு முட்டுவது வாய்விட்டுப் படிக்கும்போதுதான் தெரியும். செல்போனில் எழுதிப் படிப்பதைவிடப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத் தாள் நல்லது. திரை அணைந்தாலோ அழைப்பு வந்தாலோ தடுமாற வேண்டியிருக்காது.

தொண்டை அடைத்துக்கொள்ளும் இடம் எது என்பதும் அந்தப் பயிற்சியிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் துணைவியாரையோ பிள்ளைகளையோ நேராகப் பார்த்துச் சொல்லும் வரியாக இருக்கும். அந்த வரிக்கு முன்னால் தாளில் ஒரு கோடு போட்டுவையுங்கள். அங்கே நின்று, மூச்சு விட்டு, பிறகு சொல்லுங்கள். அழுகை வந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டாம், மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், கூட்டம் காத்திருக்கும். தொடரவே முடியாது என்று தோன்றினால், மீதியைப் படிக்க ஏற்கனவே சொல்லிவைத்த ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, படத்துக்கு ஒரு பூவை வைத்துவிட்டு வந்து உட்காரலாம்.