தண்ணீரில் விழுந்த காரில் முதல் நிமிடம்: உயிரை வாங்கும் தவறுகள்

கார் தண்ணீரில் விழுந்தால் கல்லைப் போலச் சட்டென்று மூழ்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது முதலில் மிதக்கும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், ஆட்களை உள்ளே உட்கார வைத்தே கார்களைத் தண்ணீரில் இறக்கிப் பல சோதனைகள் செய்து பார்த்தவர். பெரும்பாலான கார்கள் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை மிதக்கின்றன என்கிறார் அவர். கணக்குக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதைத் தொலைக்க ரொம்பச் சுலபமான வழி, போனை எடுப்பது. நம்பரைப் போட்டு, யாரோ எடுத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு, நீங்கள் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் தண்ணீருக்குக் கீழே போயிருக்கும். கரையில் நிற்பவர் போன் செய்யட்டும். உள்ளே இருப்பவருக்கு வேலை மூன்றுதான்: சீட் பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, வெளியே போ.

ஆனால் கை தானாகப் போவது கதவுக் கைப்பிடிக்கு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கதவின் அகலம் ஒரு மீட்டர், அதன்மேல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நிற்கிறது, உள்ளே இன்னும் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கதவை வெளியிலிருந்து அழுத்தும் எடை சுமார் 180 கிலோ. கீலுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் தள்ளுவதால் அதில் பாதி பலம் கொடுத்தால் போதும், ஆனால் சீட்டில் உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் 90 கிலோவை யார் தள்ளுவது? தண்ணீர் ஏற ஏற இந்த எடை இன்னும் வேகமாகக் கூடும். சரி, விழுந்த உடனே, தண்ணீர் கீழேயே இருக்கும்போது கதவு திறந்துவிட்டது என்றே வைப்போம். அது இன்னும் மோசம். அவ்வளவு பெரிய வாசல் வழியாகத் தண்ணீர் கொட்டினால், ஒரு நிமிடம் மிதக்க வேண்டிய கார் சில விநாடிகளில் போய்விடும். கதவைத் திறந்தவர் ஒருவேளை தப்பலாம், பின்சீட்டில் இருப்பவர்களுக்கு நேரமே இருக்காது.

இங்கேதான் இன்னொரு பழைய ஆலோசனை குறுக்கே வருகிறது: கார் முழுக்க நிரம்பும்வரை பொறுமையாக இருந்தால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகும், அப்புறம் கதவு தானாகத் திறக்கும் என்பார்கள். இயற்பியல்படி அது பொய் இல்லை. அதனால்தான் அது இத்தனை பேரை நம்ப வைத்திருக்கிறது. ஆனால் அழுத்தம் சமமாகும்போது நீங்கள் எந்த நிலையில் இருப்பீர்கள்? பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால் இருப்பதால் மூக்கு கீழே சாயும், மிச்சமிருக்கும் காற்று பின்பக்கம் போய்விடும், கலங்கிய தண்ணீரில் எதுவும் தெரியாது, மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பிடியைத் தடவ வேண்டும். வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகு மிச்சமிருக்கும் கடைசி வாய்ப்பு அது. முதல் திட்டமாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, ஜன்னல்தான் வழி. கண்ணாடியை இறக்கினால் தண்ணீர் உள்ளே வந்துவிடுமே என்ற பயம் கையைத் தடுக்கும். ஜன்னலின் கீழ் விளிம்பைத் தொடும்வரை தண்ணீர் அந்த வழியாக உள்ளே வராது. தொட்ட பிறகோ, தண்ணீர் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்த ஆரம்பிக்கும், மோட்டார் திணறும். கண்ணாடி இறங்காமல் போவதற்கு மின்சாரம் போனதைவிட இந்த அழுத்தமே பெரும்பாலும் காரணம். தண்ணீரில் விழுந்த அடுத்த கணமே பேட்டரி செத்துவிடுவதில்லை. பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். அணைத்த பிறகும் சில கார்களில் கண்ணாடி சிறிது நேரம் இயங்கும், ஆனால் அவற்றில் பலவற்றில் முன்கதவைத் திறந்ததும் அந்த வசதி நின்றுவிடும்.

ஒருநாள் நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி பட்டனைத் தேடிப் பார்த்தேன். முதலில் அழுத்தியது கதவுப் பூட்டை. இரண்டாவதாக அழுத்தியது, குழந்தைகள் விளையாடாமல் இருக்கப் பின்கண்ணாடிகளை முடக்கும் பட்டன். இரண்டு வருடமாக ஓட்டும் கார் அது! உங்கள் காரிலும் அந்த முடக்கும் பட்டன் எப்போதும் அழுத்தியே இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அது அழுத்தியிருந்தால் பின்னால் இருப்பவர் எவ்வளவு அழுத்தினாலும் கண்ணாடி அசையாது.

பின்சீட்டில் எட்டு வயதுப் பையனும் குழந்தை இருக்கையில் மூன்று வயதுப் பெண்ணும் இருக்கிறார்கள், முன்னால் அப்பாவும் அம்மாவும் என்று வைத்துக்கொள்வோம். அப்பா தன் பெல்ட்டைக் கழற்றும்போதே “பெல்ட்டைக் கழற்று” என்று பையனிடம் கத்துகிறார், கூடவே கண்ணாடிகளை இறக்குகிறார். பெரியவனை முதலில் விடுவிப்பது காரணத்தோடுதான்: தன் பெல்ட்டைத் தானே கழற்றுவான், வெளியே கூரையைப் பிடித்துக்கொள்வான். சின்னவளுக்கு ஒருவருடைய இரண்டு கையும் தேவை. அம்மா சீட்டுகளின் இடைவெளியில் திரும்பி அவளை அவிழ்த்து முன்னால் இழுக்கிறார். பல கார்களில் பின்கண்ணாடி பாதிதான் இறங்கும், அதனால் பையன் அதில் நுழைய முடியாவிட்டால் அவனும் முன்ஜன்னலுக்கு வர வேண்டும். பிள்ளைகளை வெளியே தள்ளிய பிறகே பெரியவர்கள் போக வேண்டும். நாம் முதலில் இறங்கிவிட்டு அவர்களை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தவறு. ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாய ஆரம்பித்துவிட்டால் அந்த வேகத்தை எதிர்த்து உள்ளே கை நீட்டுவதே கஷ்டம்.

கண்ணாடி இறங்காவிட்டால் உடைக்க வேண்டும். முன்கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அது, விரிசல் விடுமே தவிர விலகாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை, கூர்மையான முனையால் ஓரத்தில் அடித்தால் பொடியாக உதிரும். ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல, பிடுங்கவே பல விநாடிகள் போகும். தண்ணீருக்குள் கையை வீசி அடிக்க முடியாது என்பதால் சுத்தியலைவிட, கண்ணாடியில் வைத்து அழுத்தினால் முனை தெறித்து அடிக்கும் ஸ்பிரிங் கருவி மேல். ஆனால் இப்போது சில கார்களில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட்டாகவே வருகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன, லேமினேட்டட்டை ஒன்றாலும் உடைக்க முடியவில்லை. எந்த வகை என்பது பெரும்பாலும் கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். நான்கையும் பாருங்கள், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருக்கலாம். உடையக்கூடிய கண்ணாடி எது என்று தெரிந்தபின் கருவியைக் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டால், மூக்கு சாயும்போது முதலில் தண்ணீருக்குள் போவது அந்தப் பெட்டிதான்.