நிராகரிப்பு மெயிலுக்கு நான் போட்ட பதில்

டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கடைசி ரவுண்டு வரை பேசியாச்சு, அப்புறம் வந்தது வழக்கமான "வருந்துகிறோம்" மெயில். அனுப்பிய முகவரி no-reply, அதற்குப் பதில் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் இன்டர்வியூ நேரம் குறித்த பழைய மெயிலைத் தேடி, அதே த்ரெட்டில் ஹெச்.ஆர். மேடத்துக்கு மறுநாள் எழுதினேன்.

"ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால் வாக்குவாதம் ஆகிவிடுமோ என்று பதிலே வராது. நான் கேட்டது இவ்வளவுதான்: "நன்றி மேடம். அடுத்த முறைக்கு நான் எதில் கூடுதலாகத் தயாராக வேண்டும், எஸ்.கியூ.எல்-லா, பிசினஸ் கேஸை விளக்குவதா? ஒரு வரி போதும். இதே மாதிரி வேலை வந்தால் என் ரெஸ்யூமேயைப் பரிசீலனைக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னை வரத் தயார், நோட்டீஸ் 30 நாள்."

வைத்துக்கொள்ளலாம் என்று நாமே எழுதிக் கொடுப்பது நல்லது, சில கம்பெனிகள் சம்மதம் இல்லாமல் விவரங்களை வைத்திருக்காது.

பதில் வந்தது: கேள்விக்கு விடை சரி, ஆனால் எந்த எண்ணை வைத்து முடிவெடுத்தேன் என்று சொல்லவில்லையாம். இன்டர்வியூவே நடக்காமல் ரெஸ்யூமேயிலேயே கழித்துவிட்டால் இப்படிக் கேட்டுப் பெரிதாகப் பலன் இருக்காது, அவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காதுல்லா.